இருநூற்று நாற்பத்தேழு என்னும் பூச்சாண்டி

போன வாரம் அக்கா மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அக்காவுக்கு விடுப்பு கிடைக்காததால் நான் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை தமிழில் திணறுகிறாளே என்று கேட்டேன். “என்ன சார் பண்றது? இங்கிலீஷ்ல இருபத்தாறுதான். தமிழ்ல இருநூத்து நாப்பத்தேழு. குழந்தைங்க பாவம்” என்றார் ஆசிரியை. சுற்றி நின்ற பெற்றோர் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுத்தை எண்ணிப் பார்த்து மொழியை எடைபோடுகிறவர்கள் செரோக்கி மக்களின் கதையைக் கேட்க வேண்டும். அமெரிக்கப் பழங்குடியான அவர்களில் செக்வோயா என்றொரு வெள்ளிக்கொல்லர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். முதலில் சொல்லுக்கு ஒரு குறி என்று வரைந்து பார்த்தார். குறிகள் பெருகிக்கொண்டே போயின, கைவிட்டார். பிறகு சொற்களை அசைகளாக உடைத்தார். 1821 வாக்கில் முறை முழுமையானது. இன்று புழங்கும் எழுத்துகள் 85. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் படிக்கக் கற்றார்கள். 1828-இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே வந்துவிட்டது. இருபத்தாறைவிட மூன்று மடங்குக்கு மேல்! யாரும் ‘பாவம்’ என்று உச்சுக் கொட்டவில்லை.

காரணம் எளிது. செரோக்கி மொழியின் அசை பெரும்பாலும் ஒரு மெய்யும் ஒரு உயிரும்தான். ‘ட்சலகி’ என்ற அவர்கள் பெயரை எழுத மூன்றே எழுத்து: ட்ச, ல, கி. நடுவில் இருப்பது பார்வைக்கு ஆங்கில டபிள்யூ மாதிரி, ஒலியோ ‘ல’. வாயில் மூன்று அசை, தாளில் மூன்று எழுத்து. ஆங்கிலத்துக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்பது அங்கே ஒரே அசை. இப்படிப்பட்ட அசை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே அந்த மொழிக்கு உயிரையும் மெய்யையும் தனித்தனியாக நிறுத்தும் எழுத்து பொருந்துகிறது. சொல்லுக்கு ஒரு குறி என்ற முறையும் பொருந்தும் மொழி உண்டு. சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலி, எழுத்து மூன்று. காதுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டுவது அங்கே சொல்லெழுத்தின் வேலை.

தமிழுக்கு வருவோம். செரோக்கியில் ல, லி, லெ மூன்றுக்கும் உருவத்தில் எந்த உறவும் கிடையாது. 85-உம் தனித்தனியாக மனத்தில் பதிய வேண்டும். அதையே அவர்கள் விரைவாகக் கற்றார்கள். தமிழில் ல, லி, லெ மூன்றிலும் ‘ல’ கண்ணெதிரே நிற்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அவற்றோடு துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற சில குறிகள்: கற்க வேண்டியது இவ்வளவே. 216 உயிர்மெய் என்பது பெருக்கல் கணக்கு. பெருக்கி வந்த விடையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

உண்மையான இடறல் எங்கே என்று அக்கா மகளின் நோட்டைப் பார்த்தேன். ‘பெட்டி’ என்று எழுத முதலில் ‘ப’ போட்டுவிட்டுக் கொம்பை அதற்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது: ‘ப்’ முன்னே, ‘எ’ பின்னே. எழுத்தில் கொம்பு இடப்பக்கம் வருகிறது. அதேபோல உகர வரிசை: கு, து, மு ஒவ்வொன்றும் ஒரு விதம். இந்த இரண்டுக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்தால் போதும். அதை விட்டுவிட்டு, 216 கட்டத்தையும் நிரப்பி வா என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். ணை, லை, னா, றா போன்ற 13 எழுத்துகளின் பழைய விசித்திர வடிவங்களையும் தமிழ்நாடு அரசு 1978-இலேயே நீக்கிவிட்டது. இன்னும் என்ன புலம்பல்?

அந்த இருபத்தாறின் எளிமையையும் பார்த்துவிடுவோம். ஓ, யூ, ஜி, எச் என்று நான்கு எழுத்து வரிசையாக நின்றால் ஒரு சொல்லில் ‘ஓ’, இன்னொன்றில் ‘ஊ’, வேறொன்றில் ‘ஆஃப்’. எண்ணிக்கை குறைந்ததன் விலையைப் பிள்ளை எழுத்துக்கூட்டலில் கட்டுகிறது. ஐந்தாம் வகுப்பிலும் டிக்டேஷன் ஓயவில்லை.

தமிழில் எழுத்து அதிகம் என்ற இதே மூடநம்பிக்கைதான் கைப்பேசியிலும் நம்மை ரோமன் எழுத்தில் தமிழை அடிக்க வைத்திருக்கிறது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அக்காவிடமிருந்து செய்தி: `palam vaangitu vaa`. பழம் என்று நான் வாழைப்பழம் வாங்கிப் போனேன். சரியாகத்தான் வாங்கியிருந்தேன், ஆனால் அந்த ஐந்து எழுத்தில் பலமும் இருந்தது, பாலமும் இருந்தது. வீட்டில் அவள் மகள் ஒரு துண்டுத் தாளில் ‘பழம்’ என்று எழுதி என்னிடம் நீட்டினாள். மூன்றே எழுத்து, சந்தேகத்துக்கு இடமில்லை.