நாள் கணக்கா, சூட்டுக் கணக்கா?

விதைப் பையில் '52 நாளில் பூக்கும்' என்று போட்டிருக்கும். ஆடிப் பட்டத்தில் போட்ட மக்காச்சோளம் சொன்னபடி 52 நாளில் பூத்துவிடும். அதே விதையை ஐப்பசிக் கடைசியில் போட்டால் அறுபது நாளாகியும் ஆண் பூ எட்டிப் பார்க்காது. விதைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். ஆனால் அவர் மேல் குற்றமில்லை. மக்காச்சோளம் நாட்களை எண்ணுவதில்லை, தினமும் கிடைக்கிற சூட்டைத்தான் சேர்த்து வைக்கிறது.

இதை முதலில் சொன்னவர் ரியமூர் என்ற பிரெஞ்சு அறிஞர். 1735-லேயே, அன்றாட வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பயிர் முற்றும் காலத்தைக் கணிக்கலாம் என்றார். இன்று இதை 'டிகிரி நாள்' கணக்கு என்கிறார்கள்.

கணக்கு சுலபம். அன்றைய அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். அதில் 10-ஐக் கழித்தால் அன்றைய வரவு. எதற்கு 10? அந்த அளவுக்குக் கீழே மக்காச்சோளம் ஏறக்குறைய வளர்வதே இல்லை. மேலேயும் ஓர் எல்லை உண்டு. 30 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி அதற்கு மேல் வேகமெடுப்பதில்லை. அதனால் பகலில் 35 அடித்தாலும் 30 என்றே எழுத வேண்டும். நம் ஊர் வெயிலில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆடியில் விதைத்த வயலில் தினசரி சராசரி பகலில் 35, இரவில் 25 என்று வைத்துக்கொள்வோம். 35-க்குப் பதில் 30. முப்பதும் இருபத்தைந்தும் 55, பாதி 27.5, பத்தைக் கழித்தால் 17.5. 52 நாளுக்கு 910. ஆக, உங்கள் வயலில் இந்த ரகம் பூக்க 910 சேர வேண்டும்.

இந்த 910-ஐ நோட்டில் குறித்து வையுங்கள். ஐப்பசிக் கடைசியில் விதைத்த பயிருக்குப் பகல் 29, இரவு 21 என்றால் தினமும் 15 தான் சேரும். நாற்பதாம் நாள் கூட்டிப் பார்த்தால் 600 இருக்கும். மீதி 310. அதைப் பதினைந்தால் வகுத்தால் இன்னும் 21 நாள். அதாவது 61-ஆம் நாள் பூக்கும், ஒன்பது நாள் தள்ளி.

ஒன்பது நாள்தானே என்று விட்டுவிட முடியாது. மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் தட்டக் கூடாத நேரம் ஆண் பூ வந்து, கதிரில் பட்டு இழை வெளிவரும் அந்த இரண்டு வாரம். கிணற்றில் இருக்கும் கொஞ்ச நீரை 52-ஆம் நாளை நம்பி முன்கூட்டியே பாய்ச்சிவிட்டால், பயிர் பூக்கும்போது கிணறு வறண்டிருக்கும். கதிரில் மணி பிடிக்காமல் பொக்கையாகிவிடும்.

தெர்மாமீட்டரை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் படும் சுவரிலோ மாட்டினால் கணக்கு கெடும். தினமும் ஒரு டிகிரி வரவு கூடுதலாக விழுந்தால்கூட அறுபது நாளில் அறுபது சேர்ந்து, நான்கு நாள் பிசகும்.

இந்தக் கணக்குக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. வறட்சி வந்தால் ஆண் பூ ஏறக்குறைய சொன்ன நாளில் வந்துவிடும், பட்டு இழை மட்டும் பிந்தும். மகரந்தம் கொட்டித் தீர்ந்த பிறகு இழை வந்து பயனில்லை. ஆகவே ஆண் பூ தெரிந்ததும் வயலில் இறங்கி இழையைப் பாருங்கள். நெல்லில் பழைய சம்பா ரகங்கள் சில, பகல் பொழுது சுருங்கினால்தான் கதிர் விடும். அவற்றுக்குச் சூட்டை மட்டும் கூட்டி நாள் குறிக்க முடியாது.

பூத்ததிலிருந்து முற்றும் வரைக்கும் இதேபோல் தனியாகக் கூட்டலாம். முற்றிவிட்டதா என்பதை மணியே காட்டிவிடும். கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியை எடுத்து அடி முனையைச் சுரண்டுங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் இனி மணியின் எடை கூடாது. ஆனால் அப்போதும் மணியில் ஏறக்குறைய முப்பது சதவீதம் ஈரம் இருக்கும். அந்த ஈரம் காய்வது வெயிலையும் காற்றையும் பனியையும் பொறுத்தது. நோட்டில் கூட்டிய எண், மணி முற்றும் நாள் வரைக்கும்தான் கூட வரும். அதன் பிறகு களத்தில் காயவைக்க எத்தனை நாள் ஆகும் என்பதை மணியின் ஈரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.