மூன்றடித் தட்டில் எத்தனை விளையாட்டு?



கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆறு மேசை போட்ட சின்னக் காபிக் கடை நடத்துகிறாராம். சுவரில் மூன்றடி நீளத்துக்கு ஒரு தட்டு காலியாக இருக்கிறது. அதில் போர்டு கேம்களை வைக்க ஆசை. எதை வாங்குவது, எதை விடுவது என்று கேட்கிறார். கடை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

பெரிய விளையாட்டுகள் பலவற்றின் பெட்டி ஏறக்குறைய 30 செ.மீ. சதுரம், 7 செ.மீ. கனம் இருக்கும். புத்தகம்போல நிறுத்தி, விரல் நுழைய இடமும் விட்டால் உங்கள் தட்டில் பத்துப் பெட்டி நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை யாரும் உருவ மாட்டார்கள்.

‘சிறந்த பத்து விளையாட்டுகள்’ என்ற பட்டியலைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அந்தப் பத்தும் நாலு பேர் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறவையாக இருந்துவிடும். உங்கள் கடைக்கு மதியம் இரண்டு பேராக வருகிறார்கள், மாலையில் கல்லூரிக் கூட்டம், ஞாயிறன்று பாட்டியோடு குடும்பம். ஒவ்வொரு பெட்டியும் இவர்களில் யாருக்கு என்று சொல்ல முடிய வேண்டும். ஒரே வேலையை இரண்டு பெட்டி செய்தால் ஒன்று போதும்.

எல்லோரும் பெயர் சொல்லிக் கேட்பது காட்டான். கிளௌஸ் டாய்பர் 1995-இல் தந்த அருமையான ஆட்டம்தான். ஆனால் மூன்று அல்லது நான்கு பேர் வேண்டும். புதியவர்கள் ஆடினால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். ஆலன் மூன் உருவாக்கி 2004-இல் வந்த டிக்கெட் டு ரைடு அதே அளவுப் பெட்டிதான். இரண்டு முதல் ஐந்து பேர்வரை ஆடலாம். உங்கள் முறை வந்தால் வண்டிச் சீட்டு எடுக்கலாம், தண்டவாளம் பிடிக்கலாம், அல்லது புதிய பயணச்சீட்டு எடுக்கலாம், அவ்வளவுதான். காபி வருவதற்குள் பரிமாறுகிற பையனே சொல்லிக்கொடுத்துவிடுவான். நானாக இருந்தால் காட்டானை விட்டுவிடுவேன். அதன் ரசிகர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். மோனோபோலி வேண்டவே வேண்டாம். அது முடிவதற்குள் நீங்கள் கடையைச் சாத்த வேண்டியிருக்கும்.

இரண்டு பேருக்கு ஹைவ். பலகையே கிடையாது, ஆளுக்குப் பதினொரு பூச்சிக் காய்கள்; காபி கொட்டினாலும் கழுவித் துடைத்து வைத்துவிடலாம். கல்லூரிக் கூட்டத்துக்குக் கோட்நேம்ஸ். அதிலும் சொற்கள் உள்ளதை விட்டுப் படங்கள் உள்ள பதிப்பை வாங்குங்கள். ஆங்கிலச் சொல் தடுக்காது, துப்பைத் தமிழிலேயே சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டியும் சேர்ந்துகொள்வார். கார்கசோன், அசுல், டிக்ஸிட் மூன்றிலும் ஆட்டத்தின் நடுவே எதையும் படிக்க வேண்டியதில்லை. ஊனோ, ஜெங்கா போன்ற சின்னப் பெட்டிகள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பல்லாங்குழிக்கும் ஓரிடம் ஒதுக்குங்கள், மடித்து வைக்கலாம்.

தட்டில் இடமே கேட்காத ஒன்றும் உண்டு. ஒரு மேசையின் மேற்பரப்பில் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை வரைந்து வார்னிஷ் அடித்துவிடுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒரு டப்பாவில் அடங்கும். கேரம் கேட்பார்கள். சத்தமும் பவுடரும் சாப்பிடுகிற இடத்துக்கு ஒத்துவராது என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள்.

இனி காய் தொலையும் பிரச்சினை. கார்கசோனில் 72 ஓடுகள். ஒன்று போனாலும் ஆட்டம் நிற்காது. ஹைவில் ஒரு ராணி போனால் பெட்டியே வீண். அதனால் வாங்கும்போதே, ‘ஒன்று குறைந்தால் ஆட முடியுமா?’ என்று பாருங்கள். காபித் தூள் நிறுக்கும் தராசு உங்களிடம் இருக்குமே! ஓடு, காய் உள்ள பெட்டிகளை முழுசாக இருக்கும்போது நிறுத்து, எடையை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். திரும்பி வந்ததும் தராசில் வைத்தால் காய் குறைவது உடனே தெரியும். மேசைக்கடியில் தேடுவதற்கு ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். பல விளையாட்டுகளில் ஒற்றைச் சீட்டு இரண்டு கிராம்கூட இராது. சீட்டுகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

பத்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஆறு போதும். எது எந்த மேசைக்குப் போனது, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று பில் புத்தகத்தின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள். இரண்டு மாதம் யாரும் தொடாத பெட்டியை விற்றுவிட்டு, எந்தக் கூட்டம் விளையாட்டு கிடைக்காமல் திரும்பியதோ அதற்கு அடுத்ததை வாங்குங்கள். அந்தக் குறிப்புகளை எங்களுக்கும் அனுப்பினால் வரும் இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்