அனுப்பிய படமும் வரப்போகும் முகமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இருபது வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது பிள்ளைகள் செயலியிலோ, திருமணத் தளத்திலோ அறிமுகமாகி வாரக்கணக்கில் எழுதிப் பேசிக்கொள்கிறார்கள். எல்லாம் நன்றாகவே போகிறது. "இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டவுடன் மற்றவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. நிறம், தொப்பை, உயரம், பரு, முன் வழுக்கை என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். பெரியவர்கள் நாம் உடனே, "அழகுல என்ன இருக்கு, மனசுதானே முக்கியம்" என்போம். இதைக் கேட்டு நிம்மதியானவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தோற்றமும் ஒரு விஷயம்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

என் கருத்து வேறு. இந்தப் பயத்தில் பெரும்பகுதி உடம்பைப் பற்றியது இல்லை. அனுப்பிய படத்துக்கும் நேரில் வரப்போகும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. அந்த வித்தியாசத்தைக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு முகத்தில் கை வைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1996-ல் அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' நினைவிருக்கும். அஜித்தும் தேவயானியும் கடிதத்திலேயே பழகுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அங்கே எப்படிச் சந்திப்பது, எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்பதுதான் தவிப்பு. 'படத்தில் இருப்பது போல நான் இல்லையே' என்ற பயத்துக்கு அதில் இடமில்லை, ஏனென்றால் படமே அனுப்பவில்லை. இன்றைக்கு முதல் நாளே படம் போய்விடுகிறது, அதுவும் திருத்திய படம்.

நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்தப் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன். இப்போது 27 வயது, வீடு திருவொற்றியூர். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர் வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று குறித்துக்கொடுக்க வேண்டும். நிழல் கிடையாது. தகரமும் சிமென்ட் தரையும் சேர்ந்து வெயிலைத் திருப்பி அடிக்கும். இயல்பிலேயே கருப்பு, வேலையில் இன்னும் கருத்துவிட்டான்.

பூந்தமல்லிப் பெண் ஒருத்தியோடு ஏழு வாரம் பேசியிருக்கிறான். போனில் பேசுவான், வீடியோவுக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவான். அவன் அனுப்பிய படங்கள் எல்லாம் போனின் 'பியூட்டி மோட்' போட்டு எடுத்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சந்திக்கலாம் என்று தேதி முடிவானது. கையில் மூன்று வாரம் இருந்தது.

கூட வேலை செய்யும் ஒருவன் ஒரு டியூப் பெயரைச் சொல்லியிருக்கிறான். மெடிக்கலில் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாறு நாளில் முகம் தெளிந்தது போல இருந்ததாம். சந்தோஷத்தில் காலையும் இரவும் பூசினான். இரண்டாவது வாரம் யார்டில் நிற்கும்போது முகம் தீயாக எரிந்தது. கன்னம் சிவந்து பொடிப்பொடியாகப் பரு. பயந்துபோய் பூசுவதை நிறுத்தினான், சிவப்பு இன்னும் அதிகமானது. அப்போதுதான் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படிப் போறது? நம்பர பிளாக் பண்ணிடட்டுமா?" என்றான்.

"முதல்ல ஸ்டான்லிக்குப் போப்பா, மத்தத அப்புறம் பேசலாம்" என்றேன். தோல் பிரிவில் மருத்துவர் டியூபைப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். இது நம் பகுதியில் பல வீடுகளில் நடப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

அந்த டியூபில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. ஹைட்ரோகுயினோன் தோலின் நிறமியைக் குறைக்கும். ட்ரெட்டினாயின் மேல்தோலை வேகமாக உரிய வைக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சிவப்பை அடக்கி, முகத்தை உடனே வெளுப்பாகக் காட்டும். மங்கு போன்ற நோய்க்கு மருத்துவர் தம் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு இப்படிப்பட்ட கலவையைக் கொடுப்பதுண்டு. சிவப்பழகுக்காக நாமே பூசினால் தோல் மெலிந்துபோகும், நரம்பு போல ரத்தக்குழாய்கள் தெரியும், பரு வரும், சிலருக்கு முடியும் முளைக்கும். பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த சிவப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அதனால்தான் அதை எப்படி நிறுத்துவது என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மெலிந்த தோலோடு வெயிலில் வேலை பார்த்தால் கேட்கவே வேண்டாம். துறைமுகம், யார்டு, காசிமேடு என்று நாள் முழுக்க வெளியில் நிற்பவர்களுக்கு இது கூடுதல் கெடுதல்.

2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. டியூபில் க்ளோபிடசால், மொமெடசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. உறையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுக்கு மட்டுமே தரவேண்டிய மருந்து. ஒரு வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். "பியூட்டி மோட் இல்லாம எடுத்தா மூக்கு அசிங்கமா பெருசா தெரியுது டீச்சர்" என்றான். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை ஒரு அடி, அதாவது 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூக்கு 30-ல், காது 42-ல். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் காதை விட மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். அதே போனை ஐந்து அடிக்கு, அதாவது 150 செ.மீ.க்குத் தள்ளிவைத்தால் 150-ம் 162-ம். வித்தியாசம் 1.08 மடங்குதான். இரண்டையும் ஒப்பிட்டால், செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் பெருத்துக் காட்டுகிறது. 2018-ல் அமெரிக்காவில் முக அறுவை சிகிச்சை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலும் ஒரு அடி செல்ஃபிக்குக் கிட்டத்தட்ட இதே கணக்குதான் வந்தது. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சரிசெய்யச் சொல்லி வருபவர்கள் அதிகமானதால்தான் அந்த ஆய்வையே செய்தார்கள்.

ஆக, போன் முதலில் மூக்கைப் பெரிதாக்கி நம்மைப் பயமுறுத்துகிறது. பிறகு பியூட்டி மோட் என்று வந்து தோலை வழித்து, நிறத்தை ஏற்றி, தாடையை ஒடுக்கித் தருகிறது. இரண்டுமே நம் முகம் இல்லை. நேரில் பார்ப்பவர் நான்கைந்து அடி தள்ளி இருந்துதான் நம்மைப் பார்ப்பார். அந்தத் தூரத்தில் எடுத்த படம்தான் உண்மைக்குக் கிட்டே வரும்.

அவனிடம் சொன்னது இவ்வளவுதான். பின்பக்கக் கேமராவால் யாரையாவது ஐந்து அடி தள்ளி நின்று, பகல் வெளிச்சத்தில், முழு உருவமாக எடுக்கச் சொல். மோட் எதுவும் வேண்டாம். அதை இன்றைக்கே அனுப்பு. அடுத்த நாள் பத்து நிமிடம் வீடியோவில் பேசு. சந்திக்கும் நாள் வரை தள்ளிப்போட்டால் பயம்தான் வளரும். அந்தப் பெண்ணுக்கும் பேருந்தில் ஏறும் முன் யோசித்து முடிவெடுக்க உரிமை உண்டு.

யார்டு சட்டையோடு எடுத்த படத்தை அனுப்பி, களிம்பு விஷயத்தையும் எழுதினான். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு முழு உருவப் படம் வந்தது. ஏழு வாரமாகக் கழுத்துக்கு மேலே மட்டும் எடுத்து அனுப்பியதாகவும், உடம்பு பெருத்திருப்பதால் எழும்பூருக்கு வராமலே இருந்துவிடலாமா என்று யோசித்ததாகவும் எழுதியிருந்தாள்.

சந்தித்தார்கள். இரண்டு மாதம் பழகினார்கள். வேலை, ஊர், யார் எங்கே குடிபோவது என்பதில் ஒத்துவராமல் மரியாதையாகப் பிரிந்தார்கள். உண்மைப் படம் அனுப்பினால் கல்யாணம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. படம் பார்த்ததுமே ஒருவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி சில நாளில் ஆறும். களிம்பால் போன தோல் சரியாக அவனுக்கு ஐந்து மாதம் ஆனது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீடியோவுக்கு வராதவர் எல்லோரும் கூச்சக்காரர் இல்லை. கூச்சப்படுபவர் முகத்தை மறைப்பார், பணம் கேட்கமாட்டார். முகமும் காட்டாமல் பணமும் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும், வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. 2009-ல் நம் சென்னையில்தான் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2020-ல் ஷாதி டாட் காம் தன் தளத்தில் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. அதே ஆண்டு 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கியது. கம்பெனிக்காரர்களே எடுத்துவிட்டார்கள். நாம் மட்டும் இன்னும் கருப்பான பிள்ளையின் ஜாதகக் குறிப்பில் 'மாநிறம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த வார்த்தையைப் படிக்கும் பிள்ளைக்கு, தன் நிறத்தை மறைக்க வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள் என்பது புரிகிறது. பிறகு பியூட்டி மோட் போடாதே என்று அதனிடம் எப்படிச் சொல்வது? கருப்பு என்றால் கருப்பு என்றே எழுதுங்கள். குளியலறை அலமாரியில் பெயர் தெரியாத டியூப் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கு ஒருமுறை பாருங்கள். இருந்தால் திட்டாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். டியூபையும் பிள்ளையையும் சேர்த்துத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.