மாட்டுக்கு இருக்கிற நம்பர் மாத்திரைக்கு இல்லை

"அட்டையில இருக்குற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, விவரம் வந்தா ஒரிஜினல் மருந்து." வாட்ஸ்அப்பில் சுத்துது, மெடிக்கல் கடையிலும் இதையே சொல்றாங்க. இது அரைகுறைப் பேச்சு. நம்பி ஏமாறாதீங்க மக்களே.

2023 ஆகஸ்ட் 1-லிருந்து, அதிகமா விக்கிற 300 பிராண்ட் மருந்துகளில் பார்கோடோ கியூஆர் கோடோ இருக்கணும்னு மத்திய அரசு விதி போட்டிருக்கு. டோலோ, கால்பால், அலெக்ரா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஸ்கேன் பண்ணா மருந்து பேர், கம்பெனி பேரும் முகவரியும், லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி வரணும்.

நல்லா கவனிங்க. இதில் அந்த ஒரு அட்டைக்கு மட்டுமேயான எண் எதுவும் இல்லை. "தனித்துவ அடையாளக் குறியீடு"ன்னு ஒண்ணு உண்டு. ஆனா அது மருந்து வகைக்கான குறியீடு, உங்க கையில் இருக்கும் அட்டைக்கானது இல்லை. ஒரு பேட்ச்சில் வர்ற ஆயிரக்கணக்கான அட்டைக்கும் ஒரே கோடு இருந்தாலும் விதிப்படி சரிதான்.

அப்போ போலி மருந்துக்காரன் என்ன செய்வான்? ஒரே ஒரு நல்ல அட்டையை வாங்குவான். அதில் இருக்கிற கோடை, பேட்ச் எண்ணை, தேதியை அப்படியே பத்தாயிரம் அட்டையில் அச்சடிப்பான். நீங்க ஸ்கேன் பண்ணா எல்லாம் கரெக்டா வரும். சுண்ணாம்பு மாத்திரைக்கும் "ஒரிஜினல்"தான்!

நம்ம மாட்டுக் காதில் மஞ்சள் தோடு மாட்டி, மாட்டுக்கு ஒண்ணுன்னு 12 இலக்க எண் கொடுத்திருக்காங்களே, அந்த மரியாதை உயிர் காக்குற மாத்திரைக்கு ஏன் இல்லை? ஐரோப்பாவில் 2019 பிப்ரவரியிலிருந்து, டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கிற மருந்துப் பெட்டி ஒவ்வொண்ணுக்கும் தனி எண். விக்கும்போது கடைக்காரர் ஸ்கேன் பண்ணா கணக்கில் அந்த எண் முடிஞ்சுபோகும். அதே எண் இன்னொரு கடைக்கு வந்தா கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துடும். சரிபார்ப்புன்னா அதுதான்.

இங்கே இன்னொரு கூத்து. அட்டையில் இடம் போதலைன்னா வெளிப்பெட்டியில் கோடு போட்டா போதும்னு விதியே சொல்லுது. நம்மூர்ல நாலு மாத்திரை கேட்டா கத்திரியால வெட்டித் தர்றாங்க. பெட்டி கடையிலேயே கிடக்கும். எதை ஸ்கேன் பண்றது?

அதுக்காகக் கோடு குப்பைன்னு சொல்லலை. ஸ்கேனில் வர்ற பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும், அட்டையில் அச்சடிச்சதும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. தேதியை அழிச்சு மாத்தியிருந்தா அதில் மாட்டும். ஒத்துப்போகலைன்னா சாப்பிடாம, பில்லோட மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுங்க. பேட்ச் எண் போட்ட பில் கேட்டு வாங்குங்க.

ஆனா ஒத்துப்போனா மருந்து நல்லதுன்னு அர்த்தம் இல்லை. அட்டைக்கு ஒரு எண், விக்கும்போது அந்த எண் ரத்து. இது வர்ற வரைக்கும் "ஸ்கேன் பண்ணிக்கோ"ன்னு பொறுப்பை நம்ம தலையில கட்டாதீங்க.