388 கிலோ 300 ஆன கதை: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அடி காப்பியைப் பாருங்கள்!

திருப்பூரில் ஒரு டீ-சர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன் அதன் துணி பல வாசல் ஏறி இறங்கிவிடும். நிட்டிங்கில் ரோலாக வரும் துணி டையிங்குக்குப் போகும், பிறகு காம்பாக்டிங், அதன் பிறகுதான் கட்டிங் மேசை. இவை பெரும்பாலும் ஜாப் ஒர்க்காக வெவ்வேறு இடங்களில் நடப்பவை. துணி ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் கூடவே ஒரு டெலிவரி சலான் போக வேண்டும். ஜி.எஸ்.டி. விதி 55-ன்படி அந்தச் சலானுக்கு மூன்று பிரதிகள்: அசல் சரக்கைப் பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்பியவருக்கு.

ஒரே அடியில் மூன்று தாளிலும் எழுத்து விழ வேண்டும் என்றால் அதற்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் சரி. லேசர் பிரிண்டர் பக்கத்திலேயே இருந்தாலும், சலான் மேசையில் 'கர்ர்... கர்ர்...' என்று இது இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்த பிரிண்டர் மங்கலாக அடித்தால் முதலில் எல்லோரும் செய்வது ரிப்பனை மாற்றுவது. பாதி நேரம் அது சரியான வைத்தியம். மீதிப் பாதியில் வம்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு புள்ளி போனால் 88 கிலோ

சாதாரண ஒன்பது ஊசி பிரிண்டரின் ஹெட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்பது மெல்லிய கம்பிகள் நிற்கும். கடைக்காரர்கள் இவற்றை 'பின்' என்பார்கள். ஒவ்வொன்றின் தடிமனும் சுமார் 0.3 மில்லிமீட்டர். ஹெட் இடமிருந்து வலமாக ஓடும்போது தேவையான பின் மட்டும் பாய்ந்து ரிப்பனை அடிக்கும். தாளில் ஒரு புள்ளி விழும். எண்களை அடிக்க மேலே உள்ள ஏழு பின்களே போதும். கீழ் இரண்டும் 'g', 'y' போன்று வால் இறங்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் அடிக்கோட்டுக்கும்.

இப்போது மேலிருந்து நான்காவது பின் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகமாக அடிக்கும் டிராஃப்ட் எழுத்தில், 8 என்ற எண்ணின் நடு இடுப்பை அடிப்பது அந்தப் பின்தான். இடுப்பு போனால் 8-க்கும் 0-வுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, நடுவில் ஒரு இடைவெளி. 388.50 கிலோ என்று கம்ப்யூட்டர் அனுப்பியது, தாளில் 300.50 போலத் தெரியும். டையிங்கில் எடை போட்டுப் பார்க்கும்போது 88 கிலோ கூடுதலாக இருக்கும். கணக்குப் பிள்ளைக்கு ஒரு நாள் போய்விடும்.

எழுத்து வடிவம் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும் என்பதால் எல்லா பிரிண்டரிலும் இதே குழப்பம் வராது. ஆனால் மங்கல் வேறு, புள்ளி விடுபடுவது வேறு. மங்கல் கண்ணுக்குத்தான் தொந்தரவு. விடுபட்ட புள்ளி எண்ணையே மாற்றிவிடும்.

மூன்று தாளையும் பிரித்துப் பாருங்கள்

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், சலானின் மூன்று தாள்களே போதும். மேல் தாளில் எழுத்து விழுவது ரிப்பன் மையால். அடித் தாள்களில் விழுவது கார்பனால், அல்லது தாளின் பூச்சால். அங்கே ரிப்பன் மைக்கு வேலை இல்லை, பின் அடிக்கும் வேகம் மட்டுமே பேசும்.

முதலில் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட வேண்டும். எப்சன் எல்.எக்ஸ். வகைகளில் பிரிண்டரை அணைத்து, எல்.எஃப்./எஃப்.எஃப். பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் அது தானாகவே வரிவரியாக எழுத்துகளை அடித்துக் காட்டும். இதுதான் செல்ஃப் டெஸ்ட். மற்ற கம்பெனி பிரிண்டர்களிலும் இப்படி ஒரு வழி உண்டு, கையேட்டில் இருக்கும். செல்ஃப் டெஸ்ட் பளிச்சென்று வந்து சலான் மட்டும் மங்கலாக வந்தால், கோளாறு பில்லிங் மென்பொருளின் பிரிண்ட் அமைப்பில். ஹெட்டைத் தொட வேண்டியதே இல்லை.

செல்ஃப் டெஸ்டையும் மூன்று தாள் செட்டிலேயே அடிக்க வேண்டும். பிறகு தாள்களைப் பிரித்தால் மூன்றில் ஒன்று தெரியும்.

மேல் தாள் மங்கல், அடித் தாள்கள் தெளிவு என்றால் ரிப்பன். எல்லாத் தாளிலும், எல்லா வரியிலும், ஒரே உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் பின். மேல் தாள் ஓரளவு தெளிவாக இருந்து அடியில் போகப் போக மங்கினாலோ, இடது பக்கம் கறுப்பாகவும் வலது பக்கம் வெளிறியும் இருந்தாலோ, ஹெட்டுக்கும் ரோலருக்கும் உள்ள இடைவெளி. நாள்பட்ட தாளிலும் அடி காப்பி மங்கும். ஆகவே புது செட்டில்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது அடையாளம் நிட்டிங் ஃபிட்டர்களுக்குப் பழக்கமானது. துணியில் நீளவாக்கில் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் அவர்கள் நூலைக் குறை சொல்வதில்லை, நேராக அந்த ஊசியைத் தேடுவார்கள். பிரிண்டரிலும் அதே கணக்குதான். கோடு மட்டும் இங்கே குறுக்கே ஓடும்.

ரிப்பன்: மை மட்டும் அல்ல, எண்ணெயும்

ரிப்பன் என்பது மை ஊறிய நைலான் நாடா. அந்த மை பின்களின் நுனிக்கு எண்ணெய் போலவும் வேலை செய்கிறது. காய்ந்த ரிப்பனில் மாதக்கணக்கில் ஓட்டினால் எழுத்து மங்குவதோடு பின்னும் தேயும். ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றி உயிர் கொடுப்பது இதனால்தான் ஆபத்து: அதில் அந்த வழவழப்பு இல்லை, பின் ஓடும் துளையிலும் அது காய்ந்து ஒட்டும்.

அதைவிடப் பெரிய வில்லன், நூல் பிரிந்து ஓட்டை விழுந்த நாடா. அடித்துவிட்டுத் திரும்பும் பின் அந்த இழையில் மாட்டும். ஹெட் அதே வேகத்தில் பக்கவாட்டில் இழுக்கும். பின் வளையும் அல்லது ஒடியும். ரீஃபில் ரிப்பனில் ஒட்டுப் போட்ட இடம் தடித்து இருந்தாலும் இதே கதிதான். மாட்டுவதற்கு முன் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி, ஒட்டு கண்ணுக்கு வரும்வரை ஓட்டி, விரலால் தடவிப் பார்த்துவிட்டால் ஒரு ஹெட்டைக் காப்பாற்றலாம்.

புது ரிப்பனிலும் முதல் வரி கறுப்பாக வந்து உடனே மங்கினால், நாடா நகரவில்லை என்று பொருள். ஒரே இடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. நாடாவைச் சுழற்றும் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

பின்: அடைப்பா, உடைப்பா?

வெள்ளைக் கோடு வந்த உடனே ஹெட் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். திருப்பூர் காற்றில் பஞ்சுத் துகளுக்குக் குறைவில்லை. அது ரிப்பன் மையோடு சேர்ந்து பசையாகி, பின்னைத் துளைக்குள்ளேயே பிடித்துவைக்கும்.

பிரிண்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹெட் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஓடிய ஹெட் கையைச் சுடும். பிறகு அதைக் கழற்றி, பின்கள் வெளியே வரும் முகப்பை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சின் மேல் சற்று நேரம் வைக்கலாம். முழு ஹெட்டையும் முக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பின் மாட்டி, சில பக்கங்கள் ஓட்டினால் கரைந்த அழுக்கு தாளில் வரும். கோடு மறைந்தால் அது அடைப்பு மட்டுமே.

மறையாவிட்டால் பூதக்கண்ணாடியில் முகப்பைப் பார்க்க வேண்டும். ஒன்பதில் ஒரு துளை மட்டும் காலியாகத் தெரிந்தால் பின் உடைந்துவிட்டது. எல்லாம் இருந்தும் ஒன்று அடிக்கவில்லை என்றால், அதை இயக்கும் காயில் அல்லது அதற்கு மின்சாரம் தரும் போர்டு. மல்டிமீட்டரில் எல்லாக் காயிலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் அதுதான் குற்றவாளி. புள்ளி சில இடத்தில் வந்து சில இடத்தில் போனால், ஹெட்டோடு ஓடும் பட்டை கேபிள் விரிசல் கண்டிருக்கலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. காயில் எரிந்திருந்தால், போர்டைச் சோதிக்காமல் புது ஹெட்டை மாட்டவே கூடாது. போர்டில் அந்தப் பின்னுக்கான டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் மின்சாரம் நிற்காமல் பாயும். புது ஹெட்டும் எரியும்.

உடைந்த ஒரு பின்னை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் உண்டு. புதுப் பின்னின் நுனி மற்றவற்றோடு சமமாக இருக்கும்படி தேய்த்திருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் அந்த வரிசை மட்டும் கறுப்பாக விழும், ரிப்பனும் கிழியும். மற்ற பின்களும் தேய்ந்திருந்தால் ஹெட்டை மாற்றுவதே மேல்.

இடைவெளி: முதலில் லீவர்

ஹெட்டின் முகப்புக்கும் ரோலருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. பல தாள் வைத்தால் அதைக் கூட்டுவதற்காகவே பக்கவாட்டில் எண் போட்ட ஒரு லீவர் இருக்கும். ஒற்றைத் தாளுக்குப் பல மாடல்களில் 0. தாள் கூடக்கூட எண்ணும் கூடும். எத்தனை தாளுக்கு எந்த எண் என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும்.

தடித்த கவர் ஒன்றை அடிக்க லீவரை ஏற்றிவிட்டு, இறக்க மறந்தால் அடுத்த சலானெல்லாம் மங்கலாக வரும். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவு இல்லை. ஆனால் 'கறுப்பாக வரட்டும்' என்று மூன்று தாளுக்கு லீவரை 0-வில் வைப்பது தவறு. தாளில் மை ஈஷும், தாள் சிக்கும், நாடா உரசிப் பிய்யும், கடைசியில் பின் ஒடியும்.

லீவர் சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் வெளிறினால், ஹெட் ஓடும் தண்டு ரோலருக்கு இணையாக இல்லை. இதற்கு ஃபீலர் கேஜை இடது, நடு, வலது என மூன்று இடத்திலும் விட்டுப் பார்த்து, தண்டின் முனையில் இருக்கும் புஷ்ஷைத் திருப்பிச் சரிசெய்வார்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்குத்தான் வைக்க வேண்டும். கண்மதிப்பு உதவாது. இது மெக்கானிக்கின் வேலை.

அலுவலகத்தில் செய்யக்கூடியது எளிது. மாதம் ஒருமுறை செல்ஃப் டெஸ்டை மூன்று தாளில் அடித்து, தேதியையும் லீவர் எண்ணையும் எழுதி ஃபைலில் போட்டுவைக்கலாம். எட்டுக்கு இடுப்பு இளைக்கத் தொடங்கியது எந்த மாதம் என்று அந்த ஃபைலே சொல்லிவிடும்.