நாளைக்கு பிசிக்ஸ்... இன்றைக்குத் தூக்கம் வரவில்லை!

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ப்ளஸ் டூ இயற்பியல் தேர்வு. வழக்கமாகப் பதினொன்றரை மணிக்குத் தூங்குகிற மகளை, "இன்னிக்காவது சீக்கிரம் படும்மா" என்று ஒன்பது மணிக்கே படுக்க வைத்து விளக்கையும் அணைத்துவிட்டார் அம்மா. பத்து மணிக்கு மெதுவாகக் கதவைத் திறந்து, "தூங்கிட்டியா?" என்று கேட்கிறார். பதினொரு மணிக்கு மறுபடியும்.

தேர்வுக்கு முந்தைய இரவு பெரும்பாலான வீடுகளில் தவறிப்போவது இங்கேதான். தினமும் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம், உடம்பு நன்றாக விழித்திருக்கும் நேரம். அப்போது படுக்கையில் தள்ளினால் தூக்கம் வராது, கவலைதான் வரும். 'தூங்கலைன்னா நாளைக்கு எழுத முடியாதே' என்பது அடுத்த கவலை. அந்தப் பயத்தில் நெஞ்சு படபடக்க, வரவேண்டிய தூக்கமும் தள்ளிப்போகும்.

அதனால், வழக்கமான நேரத்திலேயே படுக்கட்டும். வேண்டுமானால் அரை மணி முன்னதாக, அவ்வளவுதான். படுத்துச் சுமார் இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து துணி மடிப்பது மாதிரி சலிப்பான வேலை ஏதாவது செய்யலாம். கண் சொக்கும்போது திரும்பப் படுத்தால் போதும். கடிகாரத்தையும் செல்போனையும் பார்க்க வேண்டாம். சாயந்திரம் ஆறு மணிக்குக் குடித்த காபியில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆகவே மதியத்துக்கு மேல் காபி, டீ இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு நான்கைந்து மணி நேரம்தான் தூங்கினாள் என்றால்? ஒரே ஒரு இரவுத் தூக்கம் குறைவதால் மாதக்கணக்கில் படித்தது அழிந்துவிடாது. இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், அந்தப் பயம் போன பிறகு தூக்கம் தானாக வரவும் கூடும். விடிய விடியப் புதுப் பாடம் படிப்பதுதான் உண்மையான நஷ்டம்.

காலையில் வயிற்றைப் புரட்டுவது சகஜம். பதற்றத்தில் ஜீரணம் மந்தமாகிறது. ஐந்து இட்லி வைத்து "சாப்பிட்டே ஆகணும்" என்று நிற்காமல், இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுத்தால் போதும்.

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம், ஒரு தாளில் மனதில் ஓடும் பயத்தையெல்லாம் அப்படியே எழுதிவிட்டுக் கிழித்துப் போடலாம். ஜெரார்டோ ராமிரெஸ், ஷான் பெய்லாக் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் அதிகமுள்ள மாணவர்கள் தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதியபோது மதிப்பெண் உயர்ந்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு தாளும் பத்து நிமிடமும்தானே செலவு? எழுதி மனசு லேசானால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

தேர்வு மையம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரத்தில் இருந்தால், முந்தைய நாளே ஒரு முறை போய்ப் பார்த்து வருவது நல்லது. கேம்ப் ரோடு சந்திப்பின் காலை நேர நெரிசலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட் வாசலில், "அந்த டெரிவேஷன் படிச்சியா?" என்று கேட்கும் தோழிகளிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பது உத்தமம்.

படபடப்பு உச்சத்துக்குப் போவது பத்து மணிக்கு, வினாத்தாள் கைக்கு வந்ததும். பொதுத்தேர்வில் முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்குத்தான் எழுதத் தொடங்குவார்கள். முதலில் கண்ணில் பட்ட ஐந்து மதிப்பெண் கேள்வி தெரியவில்லை, எல்லாமே மறந்துவிட்டது போல இருக்கிறது. அப்போது மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விட வேண்டும். ஏழெட்டு முறை செய்தால் படபடப்பு தணியும். பிறகு, தெரிந்த கேள்விகளை மட்டும் தேடிக் குறித்துக்கொண்டு, 10.15-க்கு அவற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம். கை ஓட ஆரம்பித்ததும், மறந்ததாக நினைத்த சூத்திரம் பல நேரம் திரும்ப வந்துவிடும். அந்தக் கேள்விக்கு அரைப் பக்கம் இடம் விட்டு வைத்தால் போதும்.

இவையெல்லாம் சாதாரணப் பதற்றத்துக்கு. பல நாள் தூக்கமே இல்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி, 'செத்துப் போயிடலாம்னு இருக்கு' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது என்றால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம். தேர்வைத் தவறவிட்டாலும் அந்த வருடமே துணைத்தேர்வு இருக்கிறது.

1.15-க்கு மணி அடித்து மகள் வெளியே வருகிறாள். "எப்படி எழுதினே, ஒன் மார்க் எத்தனை போச்சு?" என்ற கேள்வி அம்மாவின் நாக்கு நுனி வரை வந்திருக்கும். அடுத்த தேர்வுக்கு இரண்டே நாள்தான் என்றால், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டலாம்.