நடுவில் இருப்பவர்களை எத்தனை முறை எண்ணுவது?

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு செவ்வகம், அதற்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு வட்டங்கள். பெயர் வென்படம். சூத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும், ஆனாலும் மதிப்பெண் போய்விடும். ஏன் என்று பார்ப்போம்.

கல்யாணப் பந்தியில் 50 பேர். பாயசம் வாங்கியவர்கள் 32, ஜாங்கிரி வாங்கியவர்கள் 27, இரண்டையும் வாங்கியவர்கள் 15. ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், அவர் பாயசமோ ஜாங்கிரியோ வாங்கியிருக்க நிகழ்தகவு என்ன?

32-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 59. பந்தியில் இருப்பதே 50 பேர்! அந்த 15 பேர் பாயசக் கணக்கிலும் வந்தார்கள், ஜாங்கிரிக் கணக்கிலும் வந்தார்கள். அதனால் ஒரு முறை கழிக்கிறோம்: 32 + 27 − 15 = 44. விடை 44/50, சுருக்கினால் 22/25. கூட்டல் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்.

இங்கே தப்பு தானாகவே காட்டிக்கொடுத்தது, ஏனென்றால் நிகழ்தகவு 1-ஐத் தாண்டக் கூடாது. எப்போதும் அப்படி அதிர்ஷ்டம் வாய்க்காது. 22, 20, இரண்டும் 9 என்று இருந்தால், கழிக்க மறந்தவருக்கு 42/50 வரும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். சரியான விடையோ 33/50.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் விழுவார்கள். தாளில் படம் இப்படி இருக்கிறது: இடது பிறையில் 17, நடுவில் 15, வலது பிறையில் 12, வட்டங்களுக்கு வெளியே 6. உடனே சூத்திரம் நினைவுக்கு வர, 17 + 12 − 15 = 14 என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் 17 என்பது பாயசம் மட்டும் வாங்கியவர்கள். நடுவில் உள்ளவர்கள் அதில் சேரவே இல்லை. சேராதவர்களை எப்படிக் கழிப்பது? இந்தப் படத்தில் மூன்று பகுதிகளையும் அப்படியே கூட்ட வேண்டும்: 17 + 15 + 12 = 44. இரண்டையும் வாங்கியவர்களே 15 பேர் இருக்கும்போது, ஏதாவது ஒன்றாவது வாங்கியவர்கள் 14 பேர் என்று வந்தால், அங்கேயே பேனாவை நிறுத்திவிடலாம்.

எந்த எண் முழு வட்டத்துக்கு, எந்த எண் பிறைக்கு மட்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தில் உள்ள எல்லா எண்களையும் கூட்டிப் பாருங்கள். 17 + 15 + 12 + 6 = 50, பந்தியின் மொத்தம். அப்படியானால் எண்கள் ஏற்கெனவே பிரித்து எழுதப்பட்டவை, கழிக்க வேலையில்லை. கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டினால், முழு வட்டத்தின் எண்கள் கலந்திருக்கின்றன. அப்போது நடு எண்ணை முதலில் எழுதி, 32-இலிருந்தும் 27-இலிருந்தும் அதைக் கழித்துப் பிறைகளை நிரப்புங்கள்.

வீட்டில் “காபியா, டீயா?” என்றால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கணக்கில் வரும் ‘அல்லது’ அப்படியல்ல, இரண்டையும் வாங்கியவரையும் அது சேர்த்துக்கொள்ளும். கேள்வியில் ‘ஏதேனும் ஒன்று மட்டும்’ என்று இருந்தால் மட்டுமே நடு 15 விலகும். அப்போது இரண்டு பிறைகள், 17 + 12. விடை 29/50.